சிறு நீர்மின் நிலையத்திற்குச் சுழலி தேர்வு செய்தல்: கிருஷ்ணகிரி அணைக் கால்வாயை முன்வைத்து ஒரு கணக்கு

சிறு நீர்மின் நிலையம் ஒன்றிற்கு எந்த வகைச் சுழலி (டர்பைன்) பொருந்தும் என்பதை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன. நீர் விழும் உயரம், நொடிக்குப் பாயும் நீரின் அளவு, சுழலியின் தன் வேகம் ஆகியவையே அவை. முதல் இரண்டும் இடத்தைப் பொறுத்தவை. அவற்றை அளந்து அறியலாம். மூன்றாவது அளவு பொறியாளர் தேர்ந்தெடுக்கும் சுழற்சி வேகத்தைப் பொறுத்து மாறும். எனவே ஓர் இடத்திற்கு ஒரே ஒரு தன் வேகம்தான் உண்டு என்று கருதுவது தவறு. இக்கட்டுரை தென்பெண்ணை ஆற்றின் கிருஷ்ணகிரி அணையைப் போன்ற ஒரு தாழ்வுயரப் பாசன அணையை எடுத்துக்காட்டாகக் கொண்டு தேர்வு முறையை விளக்குகிறது.

இடத்தின் தன்மை

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூர் அருகே தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. ஓசூரை அடுத்துள்ள கெலவரப்பள்ளி அணையில் 44.28 அடி வரை நீர் தேக்கலாம். அதற்குக் கீழே 1950களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி, அதாவது ஏறத்தாழ 15.8 மீட்டர். இன்னும் கீழே திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணை 119 அடி கொண்டது. அங்கு 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று உள்ளது.

மேலே உள்ள இரு அணைகளும் பாசனத்திற்காகக் கட்டப்பட்டவை. அங்கு மின்னாக்கம் செய்ய வேண்டுமானால், கால்வாய்க்கு எப்படியும் திறந்துவிடப்படும் நீரைச் சுழலி வழியாக அனுப்புவதே இயல்பான வழி. மின்சாரத்திற்கென்று தனியாக நீர் கிடைக்காது. பாசனப் பருவம் முடிந்து மதகு மூடப்பட்டால் சுழலியும் நின்றுவிடும்.

கணக்கிற்கு வேண்டிய அளவுகள்

அணையின் நீர்மட்டம் 52 அடி என்றால் சுழலிக்கும் 52 அடி உயரம் கிடைக்கும் என்பதில்லை. அணையின் நீர்மட்டத்திற்கும், சுழலியை விட்டு வெளியேறும் நீர் சேரும் கால்வாயின் நீர்மட்டத்திற்கும் உள்ள வேறுபாடே மொத்த வீழ் உயரம். கால்வாய் ஆற்றுப் படுகையைவிட உயரமான மட்டத்தில் தொடங்குவதால் இது அணையின் ஆழத்தைவிடக் குறையும். குப்பை தடுப்புக் கம்பிகள், குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றில் ஏற்படும் இழப்பையும் கழித்தால் மிஞ்சுவது நிகர வீழ் உயரம். தேர்வுக்கான எல்லாக் கணக்கிலும் நிகர உயரத்தையே பயன்படுத்த வேண்டும்.

நீரின் அளவைப் பொறுத்தவரை ஒரு நாளின் அளவீடு போதாது. கால்வாயில் நாள்தோறும் திறக்கப்பட்ட அளவைப் பல ஆண்டுப் பதிவேடுகளிலிருந்து எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். எந்த அளவு நீர் ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கிறது என்பது அப்போது தெரியும். எப்போதோ சில நாள் மட்டும் கிடைக்கும் உச்ச அளவிற்குச் சுழலி வாங்கினால், மற்ற நாள்களில் அது அரைகுறைச் சுமையில் ஓட வேண்டிவரும்.

விளக்கத்திற்காக நிகர வீழ் உயரம் 9 மீட்டர், நீரின் அளவு நொடிக்கு 3 கன மீட்டர் (ஏறத்தாழ 106 கனஅடி) என்று கொள்வோம். இவை கணக்கிற்காக எடுத்துக்கொண்ட எண்களே. அணையின் அளவீடுகள் அல்ல.

சுழலியின் தண்டில் கிடைக்கும் திறன்:

P = 9.81 × Q × H × η

இங்கு Q கன மீட்டரிலும் H மீட்டரிலும் உள்ளன. η என்பது சுழலியின் பயனுறுதிறன், அதை 0.86 எனக் கொண்டால்,

P = 9.81 × 3 × 9 × 0.86 = 228 கிலோவாட்

இந்திய வகைப்பாட்டில் 100 கிலோவாட் வரை மைக்ரோ எனவும், அதற்கு மேல் 2 மெகாவாட் வரை மினி எனவும், 25 மெகாவாட் வரை சிறு நீர்மின் நிலையம் எனவும் அழைக்கப்படும். ஆகவே இது மினி பிரிவில் வரும். இத்தகைய சிறிய நிலையங்களுக்கான சுழலித் தேர்வு, முதற்கட்ட அளவுகள் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைப்பின் IS 12800 மூன்றாம் பகுதி வழிகாட்டுகிறது.

தன் வேகம்

பாடநூல்களில் ‘ஸ்பெசிஃபிக் ஸ்பீடு’ எனப்படுவதே தன் வேகம். ஒரு சுழலியை அதே வடிவில் சிறிதாக்கி, 1 மீட்டர் உயரத்தில் 1 கிலோவாட் தருமாறு செய்தால், அது நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுமோ அந்த எண் அச்சுழலியின் தன் வேகம் ஆகும்.

Ns = N × √P ÷ H^1.25

N என்பது நிமிடத்திற்கான சுற்றுகள். இந்த எண் சுழலியின் பருமனைக் காட்டுவதில்லை, வடிவத்தைக் காட்டுகிறது. மிக உயரத்திலிருந்து விழும் சிறிதளவு நீருக்குத் தன் வேகம் குறைவு. குறைந்த உயரத்தில் வரும் மிகுதியான நீருக்கு அது அதிகம். கிலோவாட் அடிப்படையில் வழக்கமான எல்லைகள் ஏறத்தாழ இவை:

| சுழலி வகை | தன் வேகம் |
|---|---|
| பெல்ட்டன், ஒரு தாரை | 8.5 – 30 |
| பெல்ட்டன், பல தாரைகள் | 30 – 51 |
| குறுக்குப் பாய்வுச் சுழலி | 40 – 170 |
| பிரான்சிஸ் | 51 – 255 |
| கப்லான், புரொப்பெல்லர் | 255 – 860 |

தமிழ்நாட்டிலேயே இந்த வரிசையின் இரு முனைகளையும் காணலாம். நீலகிரியில் 1932-இல் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்தில் 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து நீர் இறங்குகிறது. அங்கு பெல்ட்டன் சக்கரங்கள் உள்ளன. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை முதலிய கதவணைகளில் உயரம் சில மீட்டர்களே. அங்கு கப்லான் குடும்பத்தைச் சேர்ந்த குமிழ்ச் சுழலிகள் (பல்பு டர்பைன்) ஒவ்வொன்றும் 15 மெகாவாட் தருகின்றன.

ஒரே இடம், பல விடைகள்

மின்னாக்கியைச் சுழலியுடன் நேரடியாக இணைத்தால் அதன் வேகத்தை விருப்பம்போல் வைக்க முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில், மின்னாக்கியின் வேகம் 6000-ஐ அதன் துருவங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. 6 துருவங்களுக்கு 1000, 8-க்கு 750, 12-க்கு 500, 24-க்கு 250 சுற்றுகள் என அமையும்.

இப்போது எடுத்துக்காட்டின் எண்களை இடுவோம். √228 = 15.1. 9^1.25 = 15.59. ஆகவே இந்த இடத்திற்கு,

Ns = 0.969 × N

| சுற்று வேகம் | தன் வேகம் | பொருந்தும் வகை |
|---|---|---|
| 1000 | 969 | எல்லைக்கு வெளியே |
| 750 | 726 | கப்லான் |
| 500 | 484 | கப்லான் |
| 300 | 291 | கப்லானின் கீழ் எல்லை |
| 250 | 242 | பிரான்சிஸின் மேல் எல்லை |

ஒரே உயரமும் ஒரே நீரும் இரு வகைச் சுழலிகளுக்கு இடம் தருகின்றன. எது சரி என்பதைச் சூத்திரம் சொல்லாது. பிரான்சிஸ் வேண்டுமானால் 250 சுற்றுகளுக்கு இறங்க வேண்டும். மெதுவாகச் சுற்றும் சுழலியும் மின்னாக்கியும் பருமனாகும், இரும்பும் செம்பும் கூடும், விலையும் கூடும். 500 சுற்றில் ஓடும் கப்லானின் சுழல் சக்கரம் ஏறத்தாழ 0.8 மீட்டர் விட்டத்தில் அடங்கிவிடும்.

பெல்ட்டன் ஏன் ஆகாது என்பதையும் இதே கணக்கு காட்டும். தன் வேகம் 30 எனில் சுற்று வேகம் 31 மட்டுமே. 9 மீட்டர் உயரத்தில் தாரையின் வேகம் நொடிக்கு 13 மீட்டர். 3 கன மீட்டர் நீர் ஒரே தாரையாக வர அதன் தடிமன் அரை மீட்டரைத் தாண்ட வேண்டும். சக்கரத்தின் விட்டம் 4 மீட்டரை நெருங்கும். நேரடி இணைப்பிற்கு 190-க்கும் மேற்பட்ட துருவங்கள் கொண்ட மின்னாக்கி தேவைப்படும். அப்படி ஒன்றைக் கட்டுவது பயனற்ற செலவு.

குறுக்குப் பாய்வுச் சுழலி செய்வதற்கு எளிது. ஊரிலுள்ள பட்டறையிலேயே பழுது பார்க்கலாம். ஆனால் இந்த அளவு நீருக்கு அது நிமிடத்திற்கு 150 சுற்று அளவில், 0.8 மீட்டர் விட்டமும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் கொண்ட உருளையாக அமையும். வேகத்தைக் கூட்டப் பற்சக்கரப் பெட்டி வேண்டும். மேலும் அதன் சக்கரம் கால்வாய் நீர்மட்டத்திற்கு மேலே இருக்க வேண்டும். அந்த இடைவெளி 1 மீட்டர் என்றால் 9-இல் 1 பங்கு ஆற்றல் வீணாகும். 60 மீட்டர் உயரத்தில் இந்த 1 மீட்டர் பொருட்டாகாது. தாழ்வுயர இடத்தில் அதுவே பெரிய இழப்பு.

அலகுக் குழப்பம்

பழைய நூல்களின் அட்டவணைகள் திறனைக் குதிரைத்திறனில் கொண்டு கணக்கிட்டவை. அவற்றில் பிரான்சிஸுக்கு 60 முதல் 300 வரை என்றும் கப்லானுக்கு 300 முதல் 1000 வரை என்றும் இருக்கும். கிலோவாட்டில் கண்ட தன் வேகத்தை 1.166 ஆல் பெருக்கினால் குதிரைத்திறன் அடிப்படையிலான எண் கிடைக்கும்.

மேலுள்ள அட்டவணையில் 300 சுற்றுக்கு 291 கிடைத்தது. அதைப் பழைய அட்டவணையில் அப்படியே பார்த்தால் பிரான்சிஸ் என்று தோன்றும். முறைப்படி மாற்றினால் 339. அது கப்லானுக்கு உரியது. அட்டவணையின் எல்லைக்கு அருகே எண் விழும்போதெல்லாம், அது எந்த அலகில் தயாரிக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழி அரிப்பு

வேகம் கூடினால் இயந்திரம் சிறிதாகும் என்றால், 750 சுற்றையோ 1000 சுற்றையோ ஏன் எடுக்கக்கூடாது? இதற்குத் தடையாக இருப்பது கேவிட்டேஷன் எனப்படும் குமிழி அரிப்பு. சுழலி இதழ்களின் பின்புறத்தில் அழுத்தம் மிகக் குறையும்போது நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவிக் குமிழிகளாகிறது. அவை அழுத்தம் கூடிய இடத்திற்கு வந்ததும் வெடித்து உலோகத்தைச் சிறு சிறு குழிகளாக அரிக்கின்றன.

தன் வேகம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். அதைத் தவிர்க்கச் சுழலியைத் தாழ்வாக அமைக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில், 30 பாகை வெப்பமுள்ள நீருக்கு, முதற்கட்ட மதிப்பீட்டுச் சூத்திரங்களின்படி கணக்கிட்டால், 500 சுற்றுச் சுழலியை வெளியேறும் நீர்மட்டத்திற்கு மேலே ஏறத்தாழ 4.5 மீட்டர் வரை வைக்கலாம். 750 சுற்றுக்கு இந்த இடம் 0.7 மீட்டராகச் சுருங்கும். 1000 சுற்றுக்கோ, சுழலி நீர்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 4 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். இயந்திரத்தில் மிச்சமாகும் பணத்தைப் பாறை தோண்டுவதும் கான்கிரீட்டும் விழுங்கிவிடும். இவை பாதுகாப்பு இடைவெளி கழிக்கப்படாத மதிப்புகள். இறுதி அளவை உற்பத்தியாளரின் மாதிரிச் சோதனையே தர வேண்டும்.

ஓசூர்ப் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டி உள்ளது. அங்கு காற்றழுத்தம் மேலும் குறைவதால் அதே சுழலியைச் சுமார் 0.4 மீட்டர் கூடுதல் தாழ்வாக வைக்க வேண்டும். 750 சுற்றுத் தேர்வில் இந்த வேறுபாடு பெரிதாகும். கீழே ஓரிடத்தில் நன்கு ஓடும் வடிவமைப்பை மேட்டு நிலத்தில் அப்படியே நகலெடுப்பது பாதுகாப்பானதன்று.

குமிழி அரிப்பு தொடங்கியதை ஓசையால் அறியலாம். சுழலிக்குள் சரளைக் கல் உருள்வது போன்ற ஒலி கேட்கும். மதகைத் திறந்தும் திறன் கூடாமல் நிற்கும். நிறுத்திப் பார்த்தால் இதழின் பின்புறம் பஞ்சு போல் பொரிந்திருக்கும்.

உயரம் மாறும்போது

இதுவரை 9 மீட்டர் என்பது மாறாத அளவாகக் கொள்ளப்பட்டது. பாசன அணையில் அப்படி இருப்பதில்லை. கால்வாய்க்கு நீர் விடவிட அணையின் மட்டம் இறங்கும். எதிர்பாராத தடைகளும் வரும். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் முதல் மதகு உடைந்தபின் சில காலம் முழு அளவிற்கு நீரைத் தேக்க இயலவில்லை.

நிகர உயரம் 9-லிருந்து 5 மீட்டராகக் குறைந்தால், முழுதும் திறந்த சுழலி வழியே செல்லும் நீர் 3-லிருந்து 2.2 கன மீட்டராகும். திறன் 228-லிருந்து 94 கிலோவாட்டாக விழும். இது பயனுறுதிறன் மாறவில்லை என்று கொண்ட கணக்கு. உண்மையில் அதுவும் குறையும். மின்தொகுப்புடன் இணைந்த மின்னாக்கி 500 சுற்றிலேயே ஓடியாக வேண்டும். புதிய உயரத்திற்குச் சூத்திரத்தை மீண்டும் போட்டால் தன் வேகம் 484-லிருந்து ஏறத்தாழ 650 ஆகிறது. அதாவது, 484-க்கு வடிவமைத்த சுழலியை 650 கேட்கும் இடத்தில் ஓட்டுகிறோம்.

இங்குதான் வகைகளின் உண்மையான வேறுபாடு தெரியும். இதழ்கள் அசையாத புரொப்பெல்லர் சுழலி விலை குறைந்தது. ஆனால் உயரமோ நீரோ வடிவமைப்பு அளவிலிருந்து விலகினால் அதன் பயனுறுதிறன் செங்குத்தாக இறங்கும். பிரான்சிஸ் ஓரளவு தாங்கும். ஓடும்போதே இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் கப்லான், நீர் முழு அளவில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் நன்றாக ஓடும். இதழ்கள் மட்டும் அசைந்து, வழிகாட்டு இதழ்கள் நிலையாக இருக்கும் அரைக் கப்லான் இரண்டுக்கும் இடைப்பட்டது.

ஆகவே சுழலியை முழு நீர்மட்டத்திற்கு வடிவமைக்காமல், பருவத்தில் அதிக ஆற்றல் கிடைக்கும் உயரத்திற்கு வடிவமைப்பது நல்லது.

ஒரு சுழலியா, இரண்டா?

நீரை இரு சுழலிகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் திறனும் பாதியாகும். அதே வேகத்தில் தன் வேகம் √2 ஆல் வகுபடும். 750 சுற்றில் ஒரே சுழலிக்கு 726 வந்தது; இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 513. இது 500 சுற்றில் ஓடும் ஒற்றைச் சுழலியின் வடிவத்திற்கு அருகில் உள்ளது. 750 சுற்று மின்னாக்கி 500 சுற்றினதைவிடச் சிறியது. கால்வாயில் பாதி நீரே விடப்படும் நாளில் ஒன்றை நிறுத்தி மற்றதை முழுச் சுமையில் ஓட்டலாம். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். மறுபுறம் வால்வு, கட்டுப்பாட்டுப் பலகை, தாங்கிகள் எல்லாம் இரட்டிக்கும்.

நீர் குறைவதை இரு சுழலிகள் சமாளிக்கும். உயரம் குறைவதைச் சமாளிக்க அசையும் இதழ்களே வேண்டும். இந்த இடத்தில் இரண்டும் மாறுவதால், இரு அரைக் கப்லான்கள் அல்லது ஒரு முழுக் கப்லான் என்பதே இறுதி ஒப்பீடாக நிற்கும்.

அந்த ஒப்பீட்டை ஆண்டு மின்னளவைக் கொண்டு செய்ய வேண்டும். பருவம் 120 நாள் என்றும் மின்னாக்கி இழப்புப் போக 210 கிலோவாட் கிடைக்கிறது என்றும் கொண்டால், எல்லா நாளும் முழு உயரம் இருந்தால் ஏறத்தாழ 6,05,000 யூனிட் வரும். பாதி நாள்கள் உயரம் 5 மீட்டராக இருந்தால் அது 4,27,000 யூனிட்டாகச் சுருங்கும். நிலையான இதழ்கள் என்றால் இன்னும் குறையும். அந்தக் குறைவின் பல ஆண்டு மதிப்பு, அசையும் இதழ்களுக்கான கூடுதல் விலையைவிட அதிகமா என்பதே கேள்வி. ஆண்டின் மீதி 245 நாள்களும் இயந்திரம் நின்றிருக்கும் என்பதால், விலை உயர்ந்த தேர்வு எப்போதும் வெல்லாது.

இடம் சார்ந்த மேலும் இரு கட்டுப்பாடுகள்

தென்பெண்ணையின் மேற்பகுதியில் பெங்களூரு நகர, தொழிலகக் கழிவுநீர் கலப்பதால் கெலவரப்பள்ளியில் நுரை பொங்குவது அடிக்கடி செய்தியாகிறது. இத்தகைய நீருக்குச் சாதாரண வார்ப்பிரும்பைவிடக் குரோமியம், நிக்கல் கலந்த எஃகு இதழ்களே ஏற்றவை. ஆகாயத்தாமரையும் குப்பையும் தடுப்புக் கம்பிகளை அடைத்தால் வீழ் உயரத்தில் இழப்பு ஏற்படும். கம்பிகளுக்கு முன்னும் பின்னும் நீர்மட்டத்தை அளந்தால் இதை உடனே கண்டுபிடிக்கலாம். அரை மீட்டர் வேறுபாடு என்பது 9 மீட்டரில் ஏறத்தாழ 18-இல் ஒரு பங்கு இழப்பு.

சுழலி எதுவாக இருந்தாலும் அதன் அருகே தானாகத் திறக்கும் மாற்றுவழி மதகு ஒன்று கட்டாயம் வேண்டும். மின்தொகுப்பில் தடை ஏற்பட்டுச் சுழலி மூடும்போது கால்வாயின் நீரும் நின்றுவிடக்கூடாது. கடைமடை வயலுக்கு அன்று வரவேண்டிய நீர் அந்த மதகு வழியாகவே போய்ச் சேரும்.